வெல்டர் ரெஸ்யூமில் அப்ரண்டிஸ் பயிற்சியை எப்படிக் காட்டுவது?

"ஐடிஐ வெல்டர், ஒரு வருஷம் அப்ரண்டிஸும் முடிச்சிட்டேன். ஆனா கம்பெனியில ஹெல்பர் வேலைக்குத்தான் கூப்பிடறாங்க."

பெயருக்குக் கீழேயே இப்படி ஒரு வரி போடுங்கள்: "வெல்டர், என்டிசி 2022, என்ஏசி 2023, ஆர்க், டிக், 3ஜி நிலை, 10 மி.மீ. மைல்டு ஸ்டீல் பிளேட்."

அப்ரண்டிஸை வெறும் 'ஓராண்டு அனுபவம்' என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அப்படி எழுதினால், தேர்வு எழுதி என்ஏசி வாங்கியது யாருக்கும் தெரியாது. சான்றிதழ் எண்ணோடு தனி வரியில் எழுதுங்கள்.

'சேஃப்டி டிரெயினிங்' என்பதும் போதாது. ஹாட் ஒர்க் பெர்மிட், உயரத்தில் வேலை என்று எதில் பயிற்சி, எந்த மாதம் என்பதைச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் எல்லாச் சான்றிதழிலும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஒன்று, இப்போது கை வராத வெல்டிங் நிலையை எழுதாதீர்கள். டெஸ்ட் பிளேட்டை இன்டர்வியூ அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள்.