உடைந்த டேபிளை எக்ஸெல் வழியாகச் சேர்ப்பது

"பிடிஎஃப்-ஐ வேர்டுக்கு மாத்தினா எழுத்தெல்லாம் ஒழுங்கா வருது, டேபிள் மட்டும் கன்னாபின்னான்னு உடைஞ்சு போகுது. ஏன்? திரும்ப டைப் அடிக்காம சரி பண்ண முடியுமா?"

முடியும். டெண்டர் ஷெட்யூலோ விலைப்பட்டியலோ கையில் வைத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். இந்தக் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பெரும்பாலான பிடிஎஃப்-களுக்குள் டேபிள் என்று ஒன்று கிடையாது. இந்த இடத்தில் இந்த எழுத்து, அந்த இடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான் பதிவாகியிருக்கும். எது வரிசை, எது பத்தி என்பதைக் கோடுகளையும் இடைவெளிகளையும் பார்த்து வேர்ட் ஊகிக்கிறது. உதாரணமாக ஒரு வரிசை: 7, "ஜி.ஐ. பைப், சுவரில் கிளாம்ப் அடித்துப் பொருத்துவது உட்பட", 3/4, மீட்டர், 45, 310, 13,950. விவரம் நீளமாக இருப்பதால் மூன்று வரியாக மடங்கியிருக்கும். வரிசைகளுக்கு நடுவே படுக்கைக் கோடு இல்லையென்றால், மூன்று உயரத்தில் இருக்கும் மூன்று துண்டுகளை மூன்று வரிசையாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் 'உடைஞ்சது' என்பது பெரும்பாலும் இதைத்தான்.

இதை வேர்டிலேயே Merge Cells போட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் விடியாது. டேபிளை எக்ஸெலுக்குக் கொண்டு போங்கள். 'பிடிஎஃப்-ஐ நேராக எக்ஸெலுக்குள் எடுக்கப் பவர் குவெரி இருக்கே' என்று யாராவது வருவார்கள். இருக்கிறது, தெரிந்தவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் இதே ஊகத்தைத்தான் செய்கிறது, மடங்கிய வரி அங்கேயும் தனி வரிசையாக வந்து நிற்கலாம்.

ஒட்டுவதற்கு முன் 3/4 போன்ற பைப் அளவு வரும் பத்தியை மட்டும் Text என்று ஃபார்மேட் செய்து, Match Destination Formatting கொடுத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் 3/4 இன்ச் பைப் ஒரு தேதியாக மாறிவிடும். பிறகு ஃபார்மேட்டை மாற்றினாலும் 3/4 திரும்பி வராது. ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வரும்.

A-யில் வரிசை எண், B-யில் விவரம், C முதல் G வரை மற்றவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வந்திருக்கும் தலைப்பு வரிசைகளை அழித்துவிட்டு, H2-வில் இதைப் போட்டுக் கடைசி வரிசை வரை இழுங்கள்:

```
=TRIM(B2&IF(TRIM(A3)=""," "&H3,""))
```

கீழ் வரிசையில் எண் இல்லையென்றால் அது மேல் விவரத்தின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு ஒட்டிவிடும். எத்தனை வரியாக மடங்கியிருந்தாலும் சரி. பிறகு H2 முதல் கடைசி வரை காப்பி செய்து B2-வில் Values ஆக ஒட்டி, A-யில் Blanks என்று ஃபில்டர் போட்டு, அந்த வரிசைகளை நீக்குங்கள்.

இரண்டு இடத்தில் இது காலை வாரும். 'குழாய் வேலை' போன்ற உபதலைப்புக்கு எண் இருக்காது, அது மேல் வரிசையோடு கரைந்துவிடும். முன்பே அதன் A-யில் ஒரு x போட்டு வையுங்கள். இன்னொன்று, எண்ணும் தொகையும் செல்லின் நடுவில் நிற்கும்படி அசலில் அமைத்திருந்தால், விவரத்தின் முதல் வரி எண்ணுக்கு மேலே தனியாக நிற்கும், ஃபார்முலா அதை முந்தைய ஐட்டத்தில் சேர்த்துவிடும். எண் உள்ள வரிசையின் விவரம் பாதி வாக்கியத்தில் தொடங்கினால் இதுதான் காரணம். அந்த வரிசையின் A-யையும் C முதல் G வரையும் கட் செய்து, விவரம் தொடங்கும் வரிக்கு ஏற்றிவிட்டுப் பிறகு ஃபார்முலா போடுங்கள்.

தொகைப் பத்தியைக் கூட்டி பிடிஎஃப்-இல் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். SUM பூஜ்ஜியம் காட்டினால் தொகைகள் எழுத்தாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, Ctrl+H-இல் கமாவை வெறுமையாக மாற்றுங்கள்.

வேர்டில் திரும்ப ஒட்டிய பின் தலைப்பு வரிசைக்கு Repeat Header Rows கொடுத்து, Table Properties-இல் Allow row to break across pages டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிடிஎஃப்-இல் ஒரு எழுத்தைக்கூட மவுஸால் தேர்ந்தெடுக்க முடியவில்லையென்றால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். முதலில் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் வேண்டும், அது 3-ஐ 8 என்று படித்துவிடலாம். கம்ப்யூட்டரில் அடித்த ஷெட்யூலைப் பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டு, பதிலை மட்டும் வேர்டில்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்களை என்ன சொல்வது? அசல் கோப்பைக் கேட்டால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்டது போலப் பார்ப்பார்கள். எதற்கும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கிடைத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை.