கண்டறியும் செயலி "ஏஐ எழுதியது" என்றால் அது சான்றா?

"சேலத்தில் பி.ஏ. படிக்கும் என் தங்கை ஏற்காடு பற்றித் தானே எழுதிய ஆங்கிலக் கட்டுரையை 82% ஏஐ என்கிறது கல்லூரிச் செயலி. மதிப்பெண் கிடையாது என்கிறார்கள். என்ன செய்வது?"

அந்த 82% வெறும் ஊகம். யார் எழுதினார்கள் என்பது செயலிக்குத் தெரியாது. அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இவை பெரும்பாலும் அளக்கின்றன; சுலபமாக ஊகிக்க முடிந்தால் ஏஐ என்று முத்திரை குத்திவிடும். 'ஏற்காடு இஸ் எ பியூட்டிஃபுல் ஹில்' என்றதும் 'ஸ்டேஷன்' வரும் என்று எந்தச் செயலியும் சொல்லிவிடும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, தெரிந்த சொற்களை வைத்து இப்படித்தானே எழுதும்?

2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் 91 கட்டுரைகளை ஏழு செயலிகளில் போட்டார்கள். சராசரியாக 61% கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று வந்தன. அப்புறம் அதே கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியை வைத்தே மெருகேற்றினார்கள். தவறான முத்திரை வெகுவாகக் குறைந்தது! சொந்தமாக எழுதியவர் மாட்டுகிறார், மெருகேற்றியவர் தப்பிக்கிறார்.

கட்டுரையை கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால், கோப்பு மெனுவில் பதிப்பு வரலாற்றைத் திறந்து துறைத் தலைவரிடம் காட்டச் சொல்லுங்கள். வாக்கியம் வாக்கியமாக வளர்ந்தது அதில் தெரியும். கையால் எழுதிய குறிப்புகளும் உதவும். அதே தலைப்பில் நேரில் கேள்வி கேட்கும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். சதவீதத்தைக் குறைப்பதற்காக மட்டும் கட்டுரையைத் திருத்த வேண்டாம், இருக்கிற ஆதாரமும் குழம்பிவிடும்.