தள்ளுபடி வேண்டாம், இணைப்பைத் துண்டித்தால் போதும்

கேள்வி: வீட்டு இணைய இணைப்பை ரத்து செய்யப் போன் செய்தால் நெடுநேரம் ஹோல்டில் போடுகிறார்கள். அப்புறம் ஒருவர் வந்து தள்ளுபடியாகச் சொல்லிச் சொல்லி மனதை மாற்றிவிடுகிறார். எப்படித்தான் ரத்து செய்வது?

ரத்து என்றதுமே பெரும்பாலும் உங்கள் அழைப்பு தனிப் பிரிவுக்குப் போய்விடும். போகிற வாடிக்கையாளரைத் தக்கவைப்பதுதான் அங்கே இருப்பவர்களுக்கு வேலை, எத்தனை பேரைத் தக்கவைத்தார்கள் என்று கணக்கும் பார்ப்பார்கள். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் காரணம்தான் எங்களுக்குப் பிடிமானம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். வெகுநேரம் ஹோல்டில் இருந்துதான் என்னிடம் வந்தார், ஆனாலும் குரலில் கோபமில்லை. காரணம் கேட்டேன். மகன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். உடனே, இணைப்பை அந்த முகவரிக்கே மாற்றித் தருகிறோம் என்றேன். அங்கே ஏற்கெனவே இருக்கிறது என்றார். சில மாதங்களுக்குப் பாதிக் கட்டணம் என்றேன். அதோடு காரணம் சொல்வதையே அவர் விட்டுவிட்டார். "வேண்டாம் தம்பி, ரத்து செய்யுங்கள்." மேலதிகாரியிடம் கேட்டு வருகிறேன் என்று மறுபடி ஹோல்டில் போட்டு, குறைந்த வேகத் திட்டத்தோடு வந்தேன், கடைசியாகத் தற்காலிக நிறுத்தம். எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம், அதே நிதானம். அதற்குமேல் என் திரையில் சொல்ல ஒன்றுமில்லை.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தள்ளுபடிக்குச் சரி என்றால் பல நிறுவனங்களில் புது ஒப்பந்தக் காலம் தொடங்கிவிடும், நடுவில் விலகினால் அபராதம் கட்ட வேண்டி வரும். தற்காலிக நிறுத்தம் ரத்தே இல்லை, காலம் முடிந்ததும் பில் தானாக வர ஆரம்பிக்கும்.

மறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று போனை வைத்துவிடாதீர்கள். "குறித்துக்கொண்டேன்" என்பார்கள், அது வெறும் விசாரணையாகப் பதிவாகியிருக்கலாம், அடுத்த மாதம் பில் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். அந்த ஆசிரியை விடவில்லை. எந்தத் தேதியோடு இணைப்பு நிற்கும், ரத்துக் கோரிக்கையின் எண் என்ன என்று கேட்டு, எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டினார், மின்னஞ்சல் வந்து சேரும்வரை லைனிலேயே இருந்தார். உங்களுக்கு மின்னஞ்சல் வரவில்லை என்றால் அன்றைக்கே நீங்கள் ஒன்று அனுப்புங்கள், பேசிய நேரமும் அந்த எண்ணும் அதில் இருக்கட்டும். லைன் துண்டாகிவிட்டாலும் இதையே செய்யலாம், எண் இல்லாவிட்டால் ரத்துக் கோரிக்கையை அதிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

சலித்துப்போய் வங்கியில் ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்துபவர்கள் உண்டு. பணம் போவதுதான் நிற்கும், ஒப்பந்தம் அப்படியே இருக்கும், பாக்கி ஏறும். ரத்து உறுதியாகி, கடைசி பில்லையும் கட்டிய பிறகு அதை நிறுத்துங்கள். மோடம் அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் விலையும் கடைசி பில்லில் ஏறிவிடலாம்.