மக்காச்சோளத்தை நெருக்கிப் போட்டால் ஏன் கதிர் சிறுத்துப் போகிறது?

கேள்வி: ஐயா, பெரம்பலூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் வீரிய மக்காச்சோளம் போட்டேன். 60-க்கு 25 செ.மீ. என்பதை 60-க்கு 15 ஆக நெருக்கி விட்டேன், செடி கூடினால் மகசூலும் கூடும் என்று. தோட்டம் காடு மாதிரி வளர்ந்தது. ஆனால் கதிர் சின்னது, நுனியில் மணி இல்லை, பத்துச் செடிக்கு இரண்டு செடியில் கதிரே இல்லை. உரமும் தண்ணீரும் குறை வைக்கவில்லை. என்ன தப்பு?

பதில்: உரத்தையும் தண்ணீரையும் கணக்குப் பார்த்த நீங்கள் வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வெயில் இலவசம் என்பதால் யாரும் எடுப்பதில்லை. ஆனால் உங்கள் ஏக்கரில் விழும் வெயில் ஓர் அளவுதான், நீங்கள் 27,000 செடி வைத்தாலும் 45,000 செடி வைத்தாலும் அது கூடப் போவதில்லை. (60-க்கு 25 என்றால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி, 60-க்கு 15 என்றால் 45,000.)

ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் பச்சை இலை இருக்கிறது என்பதுதான் இலைப் பரப்புக் குறியீடு. 1947-இல் இங்கிலாந்தில் வாட்சன் என்ற பயிரியல் ஆய்வாளர் கொண்டுவந்த அளவு இது. குறியீடு 4 என்றால், இலையை எல்லாம் பறித்துத் தரையில் ஒட்ட ஒட்டப் பரப்பினால் நாலு அடுக்கு வரும். 1953-இல் ஜப்பானில் மோன்சி, சாயெகி இருவரும் அடுக்கடுக்காக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று காட்டினார்கள்: ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தில் ஒரே விகிதத்தைத்தான் பிடிக்கும். மக்காச்சோளத்தில் அதைச் சுமார் 45 சதம் என்று வைத்துக்கொள்வோம், ரகத்துக்கு ரகம் மாறும். அப்படியானால் முதல் அடுக்கு 45 சதம் பிடிக்கும், இரண்டோடு சேர்த்து 70, மூன்றோடு 83, நாலோடு 91, ஐந்தோடு 95. முதல் அடுக்கு 45 கொண்டு வந்தது, ஐந்தாவது கொண்டு வருவது வெறும் 4. நெருக்கத்தின் முழுக் கதையும் இதில் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். நன்றாக வளர்ந்த செடி, கதிர் நுனியில் நூல் நூலாகப் பட்டு விடும் சமயத்தில் சுமார் 6,000 சதுர செ.மீ. இலை வைத்திருக்கும். 60-க்கு 25-இல் ஒரு செடிக்கு 1,500 சதுர செ.மீ. தரை. 6,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 4, அதாவது 91 சத வெளிச்சம் பிடிபட்டாயிற்று. உங்கள் இடைவெளியில் செடிக்குத் தரை 900 தான். நெருக்கத்தில் ஒவ்வொரு செடியின் இலையும் கொஞ்சம் சுருங்கும், 4,800 என்று வைத்தால் குறியீடு 5.3, பிடிபடுவது 96 சதம். செடி மூன்றில் இரண்டு பங்கு கூடியது, வெளிச்சமோ 91-இலிருந்து 96-க்குத்தான் போனது. பங்கு போட்டால் ஒரு செடிக்குக் கிடைத்தது முன்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு.

சரி, செடிக்குக் குறைந்தாலும் ஏக்கருக்கு மொத்தம் கொஞ்சம் கூடத்தானே செய்தது, மகசூல் ஏன் விழ வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். தட்டை எடையைப் பார்த்தால் அது விழுந்திருக்காது, தீவனத்துக்கு நெருக்கிப் போடுவதும் அதனால்தான். ஆனால் கதிர் அப்படிப் பங்கு பிரித்துக்கொள்வதில்லை. பட்டு விடுவதற்கு இரண்டு வாரம் முன்பும் இரண்டு வாரம் பின்பும்தான் எத்தனை மணி நிற்கும் என்பது முடிவாகிறது. அந்த நாட்களில் செடியின் அன்றாட வளர்ச்சி ஓர் அளவுக்குக் கீழே போனால் அது கதிரைத்தான் முதலில் கைவிடும், ஆண் பூங்கொத்தைக் கைவிடாது. மகரந்தம் கொட்டத் தொடங்கிப் பல நாள் கழித்துத்தான் பட்டு எட்டிப் பார்க்கும். நுனி மணிகளின் பட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது, அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். பட்டு பிடித்தாலும், ஊட்டம் போதாமல் அந்த இளம் மணிகள் காய்ந்துவிடும். நுனி மொட்டையாக நின்றது அதனால்தான். பக்கத்துச் செடியிடம் தோற்ற செடிகள் கதிரே விடவில்லை, ஆனால் உங்கள் உரத்தையும் தண்ணீரையும் கடைசிவரை சாப்பிட்டன.

நெல்லோடு இதை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 என்று அகலமாக நட்டாலும், இளநாற்று தூர் கட்டிக் காலி இடத்தை நிரப்பிவிடும். மக்காச்சோளம் அநேகமாகத் தூர் விடாது, ஒரு செடிக்கு ஒரு கதிர், அந்தக் கதிருக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அதனால் 60-க்கு 45 என்று மிகவும் விட்டாலும் நஷ்டம்தான்: குறியீடு இரண்டரையைத் தாண்டாது, கால்வாசி வெயில் தரையில் விழுந்து களைக்குத்தான் போகும்.

அமெரிக்காவில் 1930-களில் எக்டேருக்கு 30,000 செடி அளவில் போட்டவர்கள் இன்று 80,000 வரை போடுகிறார்களே என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கே மாறியது ரகம். மேல் இலைகள் நிமிர்ந்து நிற்பதால் வெளிச்சம் கீழே இறங்கும், நெருக்கத்திலும் பட்டு காலத்தில் வரும், தண்டு சாயாது. அந்தக் குணத்துக்காகவே பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்தார்கள். இலை பரந்து தொங்கும் ரகத்தை வாங்கி அவர்கள் கணக்கில் நட்டால் என்னவாகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அடுத்த போகத்தில் பட்டு விடும்போது நீங்களே அளந்து பாருங்கள். வயலின் நடுவில் ஐந்து செடி எடுத்து, ஒவ்வொரு பச்சை இலைக்கும் நீளம் × அதிகபட்ச அகலம் × 0.75 போட்டுக் கூட்டுங்கள். மொத்தத்தை ஐந்தால் வகுத்து, வருவதை ஒரு செடிக்கான தரைப்பரப்பால் வகுத்தால் குறியீடு வந்துவிடும். வரப்போரச் செடியைத் தொடாதீர்கள், அதற்குப் பக்கவாட்டு வெயில் கிடைத்திருக்கும். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் உச்சி வெயிலில் ஒரு மீட்டர் கோலைத் தரையில் வரிசைகளுக்குக் குறுக்கே வைத்து, எத்தனை செ.மீ.யில் வெயில் படுகிறது என்று பத்து இடத்தில் எண்ணுங்கள். சராசரி 10 செ.மீ. வந்தால் போதும், அதற்கு மேல் செடி சேர்ப்பதில் லாபம் குறைவு. 25 வந்தால் இடம் வீணாகிறது. அடி இலைகள் பட்டு விடும் முன்பே வரிசையாக மஞ்சளித்துக் காய்ந்திருந்தால் நெருக்கம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், ஆனால் தழைச்சத்துக் குறைவிலும் அடி இலை மஞ்சளிக்கும் என்பதால் வரப்போரச் செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் மஞ்சள் இருந்தால் சந்தேகம் உரத்தின் மேல் போக வேண்டும்.

இந்த முறை 60-க்கு 25-ஐ வைத்துக்கொண்டு, விதைத்த 12 முதல் 15 நாளுக்குள் குத்துக்கு ஒரு செடி விட்டுக் கலைத்துவிடுங்கள். இரண்டு செடி ஒட்டி நின்றால் அந்த இடத்தில் மட்டும் உங்கள் பழைய பிரச்சினை திரும்ப வரும். உங்கள் ரகம் நெருக்கம் தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் ஓரத்தை விட்டு உள்ளே சில வரிசைகள் 60-க்கு 20, சில வரிசைகள் 60-க்கு 30 என்று விடுங்கள். அறுவடையில் ஒவ்வொன்றிலும் ஒரு வரிசையில் 16.7 மீட்டர் நீளம் அளந்தால் 10 சதுர மீட்டர், அதிலுள்ள எல்லாக் கதிரையும் உதிர்த்து, ஒரே மாதிரி காய வைத்து எடை போடுங்கள். கதிரைக் கையில் எடுத்து அழகு பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் எப்போதும் 60-க்கு 30 தான் ஜெயிக்கும்.