கடைசி வரியில் என்ன கேட்பது: போனா, பதிலா?

பெங்களூருவில் தொழில் செய்யும் சிலர், முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் மெயிலின் கடைசி வரியைப் பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்பவர் கம்பெனிகளுக்கு விற்பனை மெயில் எழுதித் திருத்தித் தருபவர்.

பீன்யாவிலிருந்து: காலிப்ரேஷன் லேப் வைத்திருக்கிறேன், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் தருகிறோம். பீன்யா, பொம்மசந்திரா பக்கத்து குவாலிட்டி மேனேஜர்களுக்கு மெயில் போடுகிறேன், ஒருத்தரும் பதில் போடுவதில்லை. கடைசிப் பாரா இதுதான்: "பிரோஷர் இணைத்துள்ளேன். எங்கள் வெப்சைட்டையும் பாருங்கள். விவரங்களுக்குக் கீழுள்ள நம்பரில் அழைக்கலாம். இந்த வாரம் நேரில் சந்திக்க முடியுமா? தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறேன்." இதில் என்ன தப்பு?

சார், அந்தப் பாராவில் ஐந்து வேலை வைத்திருக்கிறீர்கள். பிரோஷரைத் திறக்கணும், வெப்சைட் பார்க்கணும், போன் போடணும், சந்திக்க நேரம் ஒதுக்கணும், பதிலும் எழுதணும். மெயிலைப் படிக்கும் ஆள் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு மொபைலில் படிக்கிறார். எதை முதலில் செய்வது என்று தெரியாததால் "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று உள்ளே போடுவார். அதற்குள் அதன் மேல் நாற்பது மெயில் ஏறிவிடும். நேரில் சந்திப்பது என்றால் கேட்டில் பெயர் சொல்லி வைக்கணும், அரை மணி நேரம் உட்காரணும். முகம் தெரியாத ஒருவருக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

முதல் மெயிலுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். அவர் இன்னொரு ஃபைலைத் திறக்காமல், இன்னொருவரைக் கேட்காமல், நின்ற இடத்திலேயே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கணும். உங்கள் தொழிலில் உடனே தோன்றும் கேள்வி, "அடுத்த காலிப்ரேஷன் எந்த மாதம்?" என்பது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பாதி இடங்களில் வேலை செய்யாது. சின்ன ஷாப்பில் எல்லாக் கருவியையும் ஒரே மாதத்தில் அனுப்பிவிடுவார்கள், அங்கே சரி. கொஞ்சம் பெரிய இடத்தில் ஒவ்வொரு வெர்னியர், ஒவ்வொரு மைக்ரோமீட்டர் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒவ்வொரு தேதி இருக்கும். அவர் பட்டியலைத் திறந்தால்தான் சொல்ல முடியும். திறக்க வேண்டும் என்றாலே "சாயங்காலம்"தான்.

அதனால் இப்படிக் கேளுங்கள். தமிழில் எழுதிக் காட்டுகிறேன், நீங்கள் இங்கிலீஷில் போடுங்கள்:

"வணக்கம் சார். பீன்யாவில் வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் காலிப்ரேஷன் செய்கிறோம். நாங்களே வந்து எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறோம். உங்கள் இடத்தில் கருவிகளை வெளியே அனுப்புகிறீர்களா, இல்லை ஆள் வந்து செய்துவிட்டுப் போகிறாரா?"

அவ்வளவுதான். பிரோஷர் வேண்டாம். நம்பர் கையெழுத்துக்குக் கீழே இருக்கட்டும், "அழையுங்கள்" என்று எழுத வேண்டாம். இந்தக் கேள்விக்கு அவர் "வெளியேதான்" என்று ஒரு சொல்லில் பதில் போடலாம். அந்த ஒரு சொல்லே அடுத்து நீங்கள் என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடும். வெளியே அனுப்புகிறார் என்றால், "கருவிப் பட்டியல் அனுப்பினால் நாளைக்கு விலை போட்டுத் தருகிறேன்" என்று கேளுங்கள். அதற்குப் போன் தேவையே இல்லை. ஆள் வந்துதான் செய்கிறார் என்றால் இப்போது பத்து நிமிடப் போன் கேட்கலாம். எத்தனை கருவி, மேஜை எங்கே போடுவது, அறையை 20 டிகிரி அளவில் வைக்க முடியுமா என்று ஒன்றோடொன்று கோத்த கேள்விகள் வரும். அதை மெயிலில் ஆடினால் ஒரு வாரம் ஓடிவிடும்.

கோரமங்களாவிலிருந்து: நான் சாஃப்ட்வேர் விற்கிறேன். முதல் மெயிலிலேயே கேலண்டர் லிங்க் கொடுத்துவிட்டால் "எப்போ பேசலாம்" என்று ஆறு மெயில் ஆட வேண்டாமே? அதுதானே ரெண்டு பேருக்கும் மிச்சம்?

பாதி சரி தம்பி. ஒருவர் "சரி, பேசலாம்" என்று சொன்ன பிறகு லிங்க் கொடுப்பது நல்ல வழக்கம், ஆறு மெயில் ஒன்றாகிவிடும். சரி சொல்வதற்கு முன்னால் கொடுத்தால், உங்கள் பொருளை விற்க அவர் உங்கள் டைரியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது எரிச்சல், பெரும்பாலானோருக்குச் சோம்பல்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பல பெரிய கம்பெனிகளின் மெயில் பாதுகாப்பு, உள்ளே வரும் லிங்கைத் தன் முகவரியாக மாற்றிவிடும். நீங்கள் அழகாகக் கொடுத்தது அவருக்கு இரண்டு வரி நீள எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். அந்தப் பாதுகாப்பு மென்பொருளே லிங்கைத் திறந்தும் பார்க்கும். "பத்துப் பேர் கிளிக் செய்தார்கள், ஒருவரும் புக் செய்யவில்லை" என்று நீங்கள் குழம்பும்போது, அந்தப் பத்தில் எத்தனை மனிதர்கள் என்று சொல்ல முடியாது. மெயில் வந்து சேர்ந்த ஒரு நிமிடத்துக்குள் விழுந்த கிளிக் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஜெயநகரிலிருந்து: போன் பிடித்தவர் போன் பண்ணட்டும், எழுதப் பிடித்தவர் எழுதட்டும். ரெண்டையும் கொடுத்து அவர் விருப்பத்துக்கு விடுவதுதானே மரியாதை?

மரியாதை மெயிலின் தொனியில் இருக்கணும் மேடம், தேர்வுகளின் எண்ணிக்கையில் இல்லை. "பதில் போடலாம் அல்லது அழைக்கலாம்" என்று எழுதினால், அவர் முதலில் எதைச் செய்வது என்று முடிவெடுக்கணும், பிறகுதான் உங்கள் விஷயத்தைப் பற்றியே யோசிப்பார். பதில் மட்டும் கேட்டாலும், போன் பிடித்தவர் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் நம்பரைப் பார்த்து அவராகவே அழைப்பார். யாரும் தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே கேள்விக்குள் "இதுவா, அதுவா" என்று இரண்டு விடை வைக்கலாம், மேலே பீன்யா மெயிலில் இருப்பது அதுதான். இரண்டு வேறு செயல்களை வைக்கக் கூடாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அல்சூரிலிருந்து: போன் வேண்டாம்னு சொல்றீங்க, எனக்கும் அதே தொல்லைதான் அண்ணா. கேட்டரிங் பண்றேன். நோட்டீஸில் நம்பர் போட்டதுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு "ரேட் என்ன"ன்னு கேட்டுட்டு வெச்சுடறாங்க. நம்பரையே எடுத்துடவா?

எடுத்துடாதேம்மா. மேலே பேசுவது நாம் தேடிப் போகும் ஆட்களைப் பற்றி. உன்னிடம் வருகிறவர்களுக்கு ஏற்கெனவே தேவை இருக்கிறது, வீட்டில் விசேஷம் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள். சிக்கல் நம்பரில் இல்லை, என்ன செய்யணும் என்று நோட்டீஸ் சொல்லாததில் இருக்கிறது. "தொடர்புக்கு" என்பதை அடித்துவிட்டு இப்படிப் போடு: "விசேஷ தேதி, எத்தனை பேர் என்று இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள், காலையில் விலை அனுப்புகிறோம்." சும்மா ரேட் விசாரிக்கிறவர்கள் தலைக்கணக்கு எழுத மாட்டார்கள். எழுதுகிறவர்களை நீயே போன் போட்டுப் பிடி. துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரி அவசர ஆர்டரும் எடுப்பாய் என்றால் அதற்குப் போன்தான் சரி. அதை வேறு நோட்டீஸில் போடு, ஒன்றிலேயே திணிக்காதே.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: பெரிய டீல்களில் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வார்த்தைப் பதில் கேட்டால் ஒரு வார்த்தை ஆட்கள்தான் வருவார்கள். நான் முதல் மெயிலிலேயே "வியாழன் 15 நிமிடம்" என்று கேட்பேன். பதில் குறைவுதான், ஆனால் வருகிறவர் வாங்குகிற ஆள்.

நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மாதக்கணக்கில் இழுக்கும், நாலைந்து பேர் கையெழுத்துப் போடும் வியாபாரத்தில் "ஆமாம், ஆர்வம் உண்டு" என்ற பதிலுக்கு விலை இல்லை. அந்த ஆளுக்கு உங்கள் கம்பெனியின் பெயர் முன்பே தெரிந்திருந்தாலோ, அவருக்குத் தெரிந்த ஒருவர் உங்களை அறிமுகப்படுத்தியிருந்தாலோ நேரடியாகப் போன் கேட்பதுதான் இயல்பு. அங்கே சின்னக் கேள்வி கேட்டால் தயங்குகிற மாதிரி இருக்கும்.

நான் ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று. பெயரே தெரியாதவர் 15 நிமிடம் கேட்டதற்கு வராத எல்லாரையும் "வாங்காத ஆள்" என்று கணக்கு வைக்க முடியாது. அவர்களில் பாதிப் பேருக்கு இந்த மாதம் நேரமில்லை என்பது மட்டும்தான் காரணமாக இருக்கலாம். உங்களிடம் 2,000 கம்பெனிகள் கொண்ட பட்டியல் இருந்தால் அந்த இழப்பைத் தாங்கலாம். மொத்தமே 60 கம்பெனிதான் என்றால் தாங்காது. இதற்கு மேல் உங்கள் கணக்கைப் பார்க்காமல் யார் சரி என்று சொல்ல மாட்டேன்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: எங்கள் ஆட்கள் அமெரிக்கக் கிழக்குக் கரைக்காரர்கள். பதில் வந்தாச்சு, போனுக்கும் சரி சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் சொதப்புது. எப்படி நேரம் கேட்பது?

"உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்பதுதான் சொதப்பலின் ஆரம்பம். வேலை மறுபடி அவர் தலையில் விழுகிறது. இரண்டு நேரம் சொல்லுங்கள், இரண்டும் அவர் ஊர் நேரத்தில், கிழமையோடும் தேதியோடும். கோடையில் அவர்களின் காலை 10 மணி நமக்கு இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் நகர்த்திய பிறகு அதே 10 மணி நமக்கு 8.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறில் மறுபடி 7.30. இந்த இரண்டு வாரங்களில்தான் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போய் ஆள் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

எதற்குப் பேசுகிறோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "அறிமுகத்துக்காக" என்று எழுதினால் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள். "உங்கள் பழைய டேட்டாவை மாற்ற எத்தனை வாரம் ஆகும் என்று பார்க்க" என்று எழுதினால், ரத்து செய்தால் அவருக்கே நஷ்டம் என்று தெரியும்.

பீன்யாவிலிருந்து, மறுபடி: சரி சார், புது மெயிலை 40 பேருக்கும் பழசை 40 பேருக்கும் அனுப்பிப் பார்க்கட்டுமா? எது நல்லதுன்னு தெரிஞ்சுடுமே?

பழசுக்கு 2, புதுசுக்கு 4 என்று வந்தால் எதுவும் தெரியாது. அந்த எண்ணிக்கையில் இரண்டு பதில் ஏறுவதும் இறங்குவதும் தற்செயல்தான். 2க்கு 12 என்று வந்தால் நம்பலாம். உங்கள் பழைய மெயிலில் பிரோஷர் வேறு இருக்கிறது. அதை எடுத்ததால் ஏறியதா, கேள்வியால் ஏறியதா என்று பிரிக்க முடியாமல் போகும். அதனால் பிரோஷரை இரண்டிலும் எடுத்துவிட்டு, கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். "லீவில் இருக்கிறேன்" என்று தானாக வரும் பதிலையும், "இனி அனுப்பாதீர்கள்" என்பதையும் எண்ண வேண்டாம். எத்தனை பேர் கருவிப் பட்டியல் அனுப்பினார்கள் என்று தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். பதில் பத்து வந்து பட்டியல் ஒன்றுகூட வரவில்லை என்றால், தப்பு முதல் மெயிலில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அதைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்.