புதிய பணிக்கு இடமில்லாதபோது மேலாளரிடம் என்ன கேட்பது?

“கையில் மூன்று வேலைகள் இருக்கும்போது, வெள்ளிக்குள் புதிய அறிக்கை ஒன்றும் வேண்டும் என்கிறார் மேலாளர். எப்படி மறுப்பது?”

மறுக்க வேண்டாம், உங்கள் வாரத்தின் கணக்கை அவர்முன் வையுங்கள். 40 மணி நேர வாரத்தில் கூட்டங்களுக்கும் மின்னஞ்சல்களுக்கும் 10 மணி நேரம் போனால், மீதி 30தான். அதில் பிழைத் திருத்தத்துக்கு 14, கணக்குச் சரிபார்ப்புக்கு 10, பயிற்சிக் கையேட்டுக்கு 6 என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேர அறிக்கைக்கு இடமே இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

ஆனால் கணக்கோடு நிறுத்தினால் அது புலம்பலாகக் கேட்கும் என்பதால், முடிவெடுக்க வசதியாக ஒரு பரிந்துரையையும் சேர்த்து இவ்வாறு எழுதலாம்: “அறிக்கையை வெள்ளிக்குள் தர இயலும். அதற்காகக் கையேட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, அறிக்கையில் வரைபடங்களைத் தவிர்த்து 6 மணி நேரத்தில் முடிக்கலாம் என்று கருதுகிறேன். வேறு எதையாவது தள்ளிவைக்க விரும்பினால், இன்று மாலைக்குள் தெரிவியுங்கள்.”

“எல்லாமே முக்கியம்தான்” என்று பதில் வரக்கூடும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அப்போது முக்கியத்துவத்தைப் பற்றி வாதிடாமல், “இவற்றில் இரண்டு நாள் தாமதமானால் யாருக்கும் பாதிப்பு வராதது எது?” என்று கேளுங்கள், இதற்குப் பதில் சொல்வது அவருக்கு எளிது. வாய்மொழியாக முடிவு சொன்னால், தள்ளிப்போகும் வேலையையும் அதன் புதிய தேதியையும் குறிப்பிட்டு அன்றே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தக் கையேட்டுக்காகக் காத்திருப்பவருக்குத் தேதி மாற்றத்தைத் தெரிவிக்கப்போவது யார் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.