திறப்பு விழா திருப்புமுனை ஆகாது

கேள்வி: எங்கள் ஊர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு 50 வருடம் ஆகிறது. விழாவில் சங்க வரலாறு பேச எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 1975இல் ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கியது, 1983 வறட்சி, 1991இல் சொந்தக் கட்டடம் (அமைச்சர் வந்து திறந்தார்), 1998இல் பட்டுவாடா நின்றுபோய்ப் பாதிப் பேர் தனியார் வண்டிக்குப் பால் ஊற்றப் போனது, 2000இல் பேரவைக் கூட்டத் தீர்மானம், 2012இல் பல்க் கூலர், இரண்டு விருது, பதினோரு தலைவர்கள். தொடக்கம், போராட்டம், திருப்புமுனை, இன்று என்று நான்காகப் பிரித்துப் பேசு என்கிறார்கள். எனக்கு எல்லாமே திருப்புமுனையாகத்தான் தெரிகிறது. எதை எங்கே வைப்பது ஐயா?
– சங்கச் செயலாளர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு,

திருப்புமுனையைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் போராட்டம் எது என்று முடிவு செய்ய வேண்டும். சங்கம் எந்தக் கேள்விக்கு வழி தெரியாமல் திணறியது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அதற்கு வழி பிறந்த இடம்தான் திருப்புமுனை. வேறு எங்கே மாலை விழுந்தது, யார் ரிப்பன் வெட்டினார் என்பதற்கெல்லாம் அந்தத் தகுதி கிடையாது.

உங்கள் தொழிலிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, குஜராத்தின் ஆனந்த். கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்று நீங்கள் இன்று இருக்கிற அடுக்கு அங்கே உருவானதுதான். அந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் எப்படிச் சொல்கிறார்கள் என்றால், 1946இல் விவசாயிகள் பொங்கி எழுந்தார்கள், பால் நிறுத்தம் செய்தார்கள், வென்றார்கள், நிர்வாகியாகக் குரியன் வந்தார், அமுல் வந்தது, கைதட்டல். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே வெற்றி வந்துவிடுவதால் மிச்ச நேரம் முழுக்கப் புகழுரையாகப் போய்விடும்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். ஆனந்த் அப்போது இருந்த கேடா மாவட்டத்துப் பாலை மும்பைக்கு அனுப்பும் ஏகபோக உரிமை பால்சன் என்ற தனியார் பண்ணையிடம் இருந்தது. விலையை அவர்களும் அவர்களுடைய தரகர்களும் வைத்ததுதான். 1946 ஜனவரி 4ஆம் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் போட்டு, ஊருக்கு ஒரு சங்கம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஒன்றியம், இல்லாவிட்டால் பால் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். 15 நாள் வியாபாரிகளுக்கு ஒரு சொட்டுப் பால் ஊற்றவில்லை, அரசு இறங்கி வந்தது, அந்த டிசம்பர் 14ஆம் தேதி ஒன்றியம் பதிவானது. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். இத்தனை பரபரப்பு இருந்தாலும் இது தொடக்கம் மட்டும்தான். சங்கம் ஏன் பிறந்தது என்பதை இது சொல்கிறது, பிறந்த சங்கம் பிழைக்குமா என்பதைச் சொல்லவில்லை.

உண்மையான திணறல் அதற்குப் பிறகு வந்தது. 1948இல் இரண்டு ஊர்ச் சங்கங்கள், நாளைக்குச் சுமார் 250 லிட்டர் என்று தொடங்கினார்கள், பால் வேகமாகப் பெருகியது. அங்கே பெரும்பாலும் எருமை. கோடையில் கறப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் குளிர்காலத்தில் கறக்கும். மும்பைக்காரர்கள் வருடம் முழுக்க ஒரே அளவு டீ குடிப்பார்களே தவிர, எருமை கூடுதலாகக் கறக்கிறது என்பதற்காக இரண்டு டம்ளர் சேர்த்துக் குடிக்க மாட்டார்கள். மிஞ்சிய பாலுக்கு நிலையான சந்தை இல்லை. எந்தத் தரகரை எதிர்த்துச் சங்கம் வைத்தார்களோ அந்த மாதிரித் தரகரிடமே அதைக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டிய நிலை. பால் அதிகமானதே பிரச்சினை! போராட்டப் பகுதிக்கு இதைவிடத் தெளிவான கேள்வி கிடைக்காது: குளிர்காலத்தில் மிஞ்சுகிற பாலை என்ன செய்வது?

கேள்வி இப்படித் தெளிவானதும் திருப்புமுனை தானாக வந்து நிற்கிறது. மிஞ்சுகிற பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்ற வேண்டும். ஆனால் பசும்பாலை வைத்தே தொழில் பழகிய அந்தக் கால நிபுணர்கள், இவ்வளவு கொழுப்புள்ள எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்றார்கள். குரியனின் நண்பர் தலாயா, பாலைத் தெளித்து உலர்த்தும் இயந்திரத்தில் செய்து காட்டினார். யூனிசெஃப் உதவியும் நியூசிலாந்து அரசின் உதவியும் சேர, 1955 அக்டோபர் 31ஆம் தேதி ஆலையை நேரு திறந்து வைத்தார். இதில் திருப்புமுனை எது? நேரு வந்தது அல்ல, எருமைப் பால் பவுடரானது. நேரு வராமல் வேறு யாராவது திறந்திருந்தாலும் அடுத்த குளிர்காலத்தில் மிச்சப் பால் பவுடராகத்தான் ஆகியிருக்கும். பவுடர் வராமல் போயிருந்தால் நேரு நூறு முறை வந்தாலும் பிரயோஜனம் இல்லை. சோதனை இவ்வளவுதான்: அந்த நிகழ்ச்சியைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் இன்றைய சங்கம் வேறு மாதிரி இருக்குமா?

குரியனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழிக்கோட்டுக்காரர், சென்னையில் லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். 1949இல் ஆனந்துக்கு வந்தது அரசு உதவித்தொகை ஒப்பந்தத்தின் கட்டாயத்தில்தான், எப்போது கிளம்பலாம் என்றிருந்தவர். மேடைப் பேச்சில் அவரை ஒற்றை நாயகனாக்கினால் தலாயாவும் திரிபுவன்தாஸும் பால் ஊற்றிய மக்களும் காணாமல் போகிறார்கள். நான்கு பகுதி வடிவத்தில் அடிக்கடி நடக்கிற கோளாறு இது. திருப்புமுனை என்றதும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்துவிடுகிறோம். ஆளை விட்டுவிட்டு, என்ன மாறியது என்று கேளுங்கள்.

சரி, உங்கள் சங்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய பட்டியலில் கல்லைப் போல உட்கார்ந்திருப்பது 1998. மற்றதெல்லாம் சங்கத்துக்குக் கிடைத்தது அல்லது வானத்திலிருந்து வந்தது, இது ஒன்றுதான் சங்கமே தன் உறுப்பினரிடம் தோற்ற இடம். ஆகவே கேள்வி: ஊற்றின பாலுக்குக் காசு வராத சங்கத்துக்கு யார் பால் ஊற்றுவார்கள்? பதில் 2000 பேரவைக் கூட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீர்மானம் என்ன என்று நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் அமைச்சர் வந்ததை அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள்! தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பட்டுவாடா தேதியை நிர்ணயித்தார்களா, கணக்கைப் பலகையில் எழுதிப் போடச் சொன்னார்களா, அல்லது நிர்வாகக் குழுவையே மாற்றினார்களா? யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை கையெழுத்து, எத்தனை கைநாட்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1999, 2000, 2001 மூன்று வருடத்துப் பால் கொள்முதல் பதிவேட்டை எடுத்து, ஒரே மாதத்து லிட்டர் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தீர்மானத்துக்குப் பிறகு ஏறியிருந்தால் அதுதான் உங்கள் திருப்புமுனை, சாட்சி கையில் இருக்கிறது. ஏறவில்லை, மூன்று வருடம் கழித்துத்தான் ஏறியது என்றால் திருப்புமுனை வேறு எங்கோ இருக்கிறது, அந்த வருடத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். கதை அழகாக வர வேண்டும் என்று தேதியை நகர்த்த வேண்டாம், உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வருடம் பால் ஊற்றியவர்கள்.

மற்றவற்றின் இடம் இப்போது எளிது. திண்ணை, தொடக்கம். அதில் கூட ‘1975ஆம் ஆண்டு இச்சங்கம் தொடங்கப்பெற்றது’ என்று ஆரம்பிக்காமல், அதற்கு முன்னால் வியாபாரி எப்படி அளந்தார், என்ன விலை கொடுத்தார், காசு எப்போது கொடுத்தார் என்று ஆரம்பியுங்கள். முதல் வருடம் பால் ஊற்றிய பாட்டி யாராவது இன்னும் இருந்தால் அவர் வாயாலேயே கேட்டு இரண்டு வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். 1983 வறட்சி போராட்டப் பகுதியின் வாசலில் நிற்கும்: வறட்சியைத் தாங்கிய சங்கம் 15 வருடம் கழித்துச் சொந்தக் கணக்கால் ஆட்டம் கண்டது என்று ஒரே வாக்கியத்தில் அதையும் 1998ஐயும் கட்டிவிடலாம். 1991 கட்டடத்துக்கும் ஒரு வாக்கியம்தான், ஆனால் பயனுள்ள வாக்கியம்: கட்டடம் இருந்தது, உள்ளே பட்டுவாடா இல்லை. பல்க் கூலர் திருப்புமுனை அல்ல, திரும்பியதன் விளைவு. ஆள் போய்விட்ட சங்கத்தில் குளிர வைக்கப் பால் ஏது? அதனால் அது ‘இன்று’ பகுதியில் சேரும்.

நேரத்தைப் பொறுத்தவரை நான் கொடுப்பது தொடக்கத்துக்கு நான்கு நிமிடம், போராட்டத்துக்கு எட்டு, திருப்புமுனைக்கு ஐந்து, இன்றைக்கு மூன்று. பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சங்கடமான வருடங்களை ‘சில இடையூறுகளைத் தாண்டி’ என்று அரை வாக்கியத்தில் தாண்டிவிட்டு இன்றைய புள்ளிவிவரத்தைப் பத்து நிமிடம் வாசிப்பார்கள். அப்போதுதான் ஆட்கள் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்க எழுந்து போவது.

1998ஐப் பேசத் தயக்கம் இருக்கும், தெரிகிறது. அந்தக் காலத்துப் பொறுப்பாளரோ அவர் பிள்ளைகளோ முன்வரிசையில் இருக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை, என்ன நடந்தது, வீட்டில் என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள்: இத்தனை வாரம் பட்டுவாடா இல்லை, தீவனக் கடையில் கடன் ஏறியது, கேன் தனியார் வண்டியில் ஏறியது. விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தக் குடும்பத்தைப் பார்த்து, ‘அண்ணே, இந்த அளவுக்குச் சொல்லப் போகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். மேடையில் முதல் முறையாகக் கேட்டால் தகராறு, முன்பே தெரிந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘இன்று’ பகுதியில் ஒரே ஒரு காலைப் பொழுதைச் சொல்லுங்கள் போதும்: விழாவுக்கு முந்தின நாள் காலை எத்தனை பேர் ஊற்றினார்கள், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு காட்டியது, காசு எந்தத் தேதி வங்கிக் கணக்கில் ஏறும். இன்னும் தீராத ஒன்று இருந்தால், மாடு வைத்திருக்கும் வீடுகள் குறைகின்றன என்பது போல, அதையும் சொல்லிவிடுங்கள்.

விருது இரண்டையும் தொகுப்பாளர் உங்களை அழைக்கும்போது சொல்லட்டும். பதினோரு தலைவர்களின் பெயரை வருடத்தோடு அழைப்பிதழின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள். பேச்சில் வாசித்தால் மூன்று நிமிடம் போகும், ஒரு பெயர் விட்டுப்போனால் மூன்று வருடம் பேசுவார்கள்.